தென்கடல் ஓரம் மணல் வாசல், கச்சான் காற்றில் கோலம் நிற்கவே இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்

தென்கரை மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். பிறந்தது மானாமதுரைப் பக்கம், வாக்கப்பட்டு வந்தது மண்டபத்துக்கு இந்தப் பக்கம் தென்கடல் ஓரத்து ஊர். மாமியாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போனதிலிருந்து வாசல் என் பொறுப்பு.

எங்கள் அம்மா வீட்டில் செம்மண் வாசல். சாணி தெளித்துவிட்டுப் போய்ப் பல் விளக்கி வந்தால்கூட ஈரம் அப்படியே இருக்கும். இங்கே வெறும் மணல். வாளித் தண்ணீரையும் தெளித்துவிட்டு விளக்குமாற்றை மூலையில் வைத்துத் திரும்புவதற்குள் குடித்துவிடுகிறது. புள்ளி வைத்து முடிப்பேன், இழை இழுக்கும்போது முதலில் வைத்த புள்ளிகள் காற்றோடு போயிருக்கும். ஏழு மணிக்கு வாசலைப் பார்த்தால் மாவு சிந்திய இடம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மாமியார் ஒன்றும் சொல்வதில்லை. "போட்டது போட்டதுதான் தாயி, நிக்கிறதும் நிக்காததும் நம்ம கையில இல்ல" என்கிறார். அவர் இத்தனை வருஷம் அப்படித்தான் போட்டிருக்கிறார். சரி, ஆனால் எனக்கு வெயில் ஏறும் வரைக்குமாவது நிற்க வேண்டும் என்று ஆசை. சிமெண்ட் போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர், மாமியாருக்கு அதில் இஷ்டம் இல்லை. தண்ணீர் இன்னொரு பாடு. காவிரிக் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், மற்ற நேரம் போர் தண்ணீர்தான், அது உப்பு.

பொடி கடையில் வாங்கிய வெள்ளைக் கோலப்பொடி இல்லை, ரேஷன் பச்சரிசியை மில்லில் அரைத்த மாவு.

கோலக்கிளி

மார்கழிக்கா தோழி? அப்படியென்றால் கலர் பொடி கொடுங்கள், தெருவே திரும்பிப் பார்க்கும். 15 புள்ளி 8 வரை ஊடுபுள்ளியில் தாமரை ஒன்று இருக்கிறது, படம் போடுகிறேன். கலர் காற்றில் பறக்காமல் இருக்க நான் எப்போதும் பொடி உப்பு கலந்துவிடுவேன். எங்கள் அடுக்குமாடியில் போட்டது மூன்று நாள் அசையாமல் இருந்தது!

தென்கரை மருமகள்

மார்கழிக்கு இல்லை அக்கா, தினமும் போடுவதற்கு. விடிவதற்குள் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போக வேண்டும், தாமரைக்கெல்லாம் நேரம் இல்லை.

கண்மாய்க்கரை

உப்பு மட்டும் வேண்டாம். அடுக்குமாடி நடையில் அது சரி, கடற்கரையில் உப்பு ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொண்டு நசநசவென்று ஆகிவிடும், காய்ந்தால் தரையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். எறும்பும் கிட்டே வராது.

மருமகளே, உங்கள் கேள்வியில் மூன்று கோளாறு கலந்து கிடக்கிறது, தரை, மாவு, கை. தரையை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் சரிசெய்தால் பலன் பாதிதான். அதனால் தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் இருப்பது கடலில் இருந்து உள்ளே தள்ளி, ஆனால் என் அப்பத்தா வீடு கடலோரம், அங்கே நாங்கள் செய்தது இது.

மணல் ஈரத்தைப் பிடிக்காது, அதற்குள் களி இருந்தால்தான் பிடிக்கும். கண்மாய்க் கரம்பை கிடைக்குமா பாருங்கள். கோடையில் விவசாயிகள் அள்ளி வயலில் கொட்டி வைத்திருப்பார்கள், கேட்டால் நாலு சட்டி கொடுப்பார்கள், நீங்களாகப் போய் கண்மாயை வெட்ட வேண்டாம். வாசல் முழுக்கச் செய்ய வேண்டியதில்லை. படிக்கு நேர் முன்னால் நாலடிக்கு மூன்றடி போதும், ரெண்டு அங்குலக் கனம். அதற்குக் கரம்பை மூன்று சட்டி, உங்கள் வாசல் மணலே ஐந்து சட்டி என்று ஆரம்பியுங்கள். மணலை மட்டும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக்கொள்ளுங்கள், உப்பு போகட்டும்.

உடனே தரையில் கொட்டிவிடாதீர்கள். கரம்பை ஊருக்கு ஊர் வேறு. கொஞ்சம் பிசைந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வடை தட்டி நிழலில் காயவிடுங்கள். காய்ந்ததும் வெடிப்பு ஓடியிருந்தால் களி அதிகம், ஒரு சட்டி மணல் சேருங்கள். விரலால் தேய்த்தால் உதிர்ந்தால் களி போதவில்லை. வெடிக்கவும் கூடாது, உதிரவும் கூடாது, அந்தப் பதம் வந்த பிறகு தரையில் போட்டுக் கட்டையால் தட்டி, தெருப் பக்கம் லேசாகச் சரிவு விட்டு, ரெண்டு நாள் ஓலையோ சாக்கோ போட்டு மூடி மெதுவாகக் காயவிடுங்கள். கச்சானில் திறந்து போட்டால் ஒரே மத்தியானத்தில் வெடித்துவிடும். அப்புறம் மேலே கெட்டியாகச் சாணி மெழுகல் ஒன்று. அந்த மெழுகல் வாரம் ஒருமுறை போதும், தினமும் நீர்க்கத் தெளிப்புதான்.

தொண்டிக்காரன்

இவ்வளவு எதற்கு? கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீர் தெளித்து நீற்றிப் பொடியாக்கிப் போடுங்கள். ஈரத்தில் பட்டதும் பிடித்துக்கொள்ளும், காற்றுக்கு அசையாது, வெள்ளை வெளேர் என்று இருக்கும். எங்கள் பக்கம் பொங்கலுக்கு அப்படித்தான்.

கண்மாய்க்கரை

பிடிப்பது உண்மை தம்பி, வெள்ளையும் உண்மை. வருஷத்துக்கு ஒருநாள் என்றால் செய்யலாம். தினமும் வெறும் விரலில் எடுத்தால் ஒரு வாரத்தில் கட்டைவிரல் நுனி வெடித்துவிடும், சுண்ணாம்பு தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் அதைவிட மோசம், அதுவும் காற்று அடிக்கிற இடத்தில். எறும்புக்குப் போடுகிற இடத்தில் சுண்ணாம்பு போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

பாம்பன் ஓட்டி

கோலம் எனக்குத் தெரியாது, காற்று தெரியும். எங்களுக்கு வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் கச்சான் வேலையைக் காட்டும், தென்கடல் அப்போது கொந்தளிக்கும், வடகடல் சும்மா கிடக்கும். வாடைக்கு இது தலைகீழ்.

தங்கச்சி, உங்களுக்கு வேண்டியது நேரம். கச்சான் பொதுவாகப் பின்னிரவில் தணியும், வெயில் ஏற ஏறத்தான் பிடிக்கும். நாலரையிலிருந்து ஐந்தரை வரை கிடைக்கிற அமைதி ஆறரைக்குக் கிடைக்காது. நம் பெண்கள் விடியுமுன் போட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆடியில் மட்டும் எதுவும் சொல்ல முடியாது, அம்மியே பறக்கிற மாதத்தில் மாவு எந்த மூலைக்கு.

இன்னொன்று. காற்றுக்கு முகம் கொடுத்து உட்காராதீர்கள், முதுகைக் கொடுங்கள். உடம்பே மறைப்பு.

தென்கரை மருமகள்

அண்ணே, நான் வீட்டைப் பார்த்துக் குனிந்து போட்டு வருகிறேன். வீடு தெற்குப் பார்த்த வாசல். அப்படியென்றால் கச்சான் எனக்கு எங்கே அடிக்கிறது?

பாம்பன் ஓட்டி

தென்மேற்கில் இருந்து. வீட்டைப் பார்த்து நின்றால் உங்கள் இடது தோளுக்குப் பின்னால் இருந்து வரும். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி வடகிழக்கு மூலையைப் பார்த்தால் முதுகு முழுக்க மறைக்கும்.

கண்மாய்க்கரை

தெற்கே பார்த்துக் கோலம் போடக் கூடாது என்பார்களே, அந்தப் பேச்சுக்கும் இதனால் இடைஞ்சல் இல்லை. தூரத்து மூலையில் ஆரம்பித்து உங்களை நோக்கிப் பின்னால் வந்துகொண்டே இருங்கள், போட்டதை மிதிக்கவும் மாட்டீர்கள். வாடை மாசத்தில் வீடே காற்றை மறைத்துவிடும், அப்போது எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம்.

இப்போது மாவு. மில் மாவு இடியாப்பத்துக்கு அரைப்பது மாதிரி நைஸாக வந்திருக்கும். நைஸ் மாவு கடல் காற்றில் ஈரம் ஏறிக் கட்டிக்கொள்ளும், விரலிடுக்கில் ஒட்டும், விழுந்தால் பறக்கும், மூன்றும் செய்யும். பச்சரிசியைக் கழுவி நிழலில் நன்றாக உலர்த்தி, வெறும் சட்டியில் நிறம் மாறாமல் சூடு ஏற வறுத்து, மில்லில் சின்ன ரவை பதத்துக்குக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து சலித்து, சல்லடையில் கீழே இறங்குகிற நைஸ் புட்டுக்கு, மேலே நிற்பது கோலத்துக்கு. ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துவிட்டு விரலைத் தட்டிப் பாருங்கள், ரேகைக்குள் வெள்ளை தங்கினால் இன்னும் நைஸ் அல்லது ஈரம். மாவு முழுவதையும் மூடி இறுகிய டப்பாவில் வைத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் சிரட்டையில் எடுத்துப் போங்கள். சிரட்டையில் மிச்சம் இருப்பதைத் திரும்ப டப்பாவில் கொட்டக் கூடாது, அது ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

நடுத்தெரு நாயகி

ஆடிக்கு என்ன செய்வது? ரவை மாவும் பறக்கிறதே. நான் ஆடி மாதம் மட்டும் பாதிக்குப் பாதி கல்மாவு கலந்துவிடுகிறேன், கல் கனமாக இருப்பதால் நேராக விழுகிறது. ஆனால் கல்மாவு போட்டால் அது சாமிக்குப் போடுவது ஆகாது, அழகுக்குப் போடுவது என்று எங்கள் வீட்டில் ஒரே பேச்சு.

சேதுக்கரை சீனு

அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. காலையில் ஒரு பிடி அரிசி வாசலில் எறும்புக்கும் குருவிக்கும் போகிறது, அதுதான் அதில் உள்ள படையல். பஞ்ச மகா யக்ஞத்தில் பூத யக்ஞம் என்று சொல்வது இதைத்தான். கல்லை யார் தின்பது?

ஆனால் அரிசி இல்லாவிட்டால் கோலமே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆண்டாள் நாச்சியார் திருமொழி முதல் பாட்டுகளிலேயே தை மாதம் தரை விளக்கி மண்டலம் இட்டதையும், வெள்ளை நுண்மணல் கொண்டு தெருவை அணி செய்ததையும் சொல்கிறாள். அது காமதேவனுக்கான நோன்பு. மாவு என்ற பேச்சே அங்கே இல்லை. நோன்பு நோற்கிறவள் மணலால் தெருவை அலங்கரித்ததை யாரும் வெறும் அழகு என்று தள்ளிவிடுவதில்லையே.

நடுத்தெரு நாயகி

இதை அப்படியே எங்கள் அத்தையிடம் வாசித்துக் காட்டப் போகிறேன். ஒப்புக்கொள்வார் என்ற நம்பிக்கை இல்லை.

கண்மாய்க்கரை

பாதிப் பாதி கலந்தால் எறும்பு அரிசியை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகும், கல் கிடக்கும். நானும் ஆடியில் அப்படித்தான். மற்ற மாதத்தில் தேவையில்லை.

மருமகளே, கடைசியாகக் கை. இதுதான் தினமும் பார்க்க வேண்டியது. ஒரு கைப்பிடி சாணியை அரை வாளித் தண்ணீரில் கரைத்து, நார் வராமல் வடிகட்டுங்கள். தெளிக்க நல்ல தண்ணீர் இல்லாத நாளில் அரிசி கழுவிய தண்ணீர் போதும், முந்தின ராத்திரியே எடுத்து வையுங்கள். உப்புத் தண்ணீர் கூடாது, போட்ட கரம்பைத் தரை மேலே பொரிந்து பொரிந்து வந்துவிடும். தெளித்த உடனே உட்காராதீர்கள். தரையில் தண்ணீரின் மினுமினுப்பு அடங்கும் வரை பொறுங்கள், அது போனதும் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிய வேண்டும், மண் விரலில் ஒட்டக் கூடாது. அப்போது மாவு விழுந்தால் அடிப்பக்கம் ஈரத்தில் பிடித்துக்கொள்ளும், மேல்பக்கம் வெள்ளையாகவே இருக்கும். முந்தினால் மாவு ஊறிச் சாம்பல் நிறமாகும், பிந்தினால் பறக்கும். கரம்பைத் தரையில் அந்தப் பதம் கால் மணி நேரமாவது நிற்கும், உங்கள் மணலில் ரெண்டு நிமிஷம்கூட நிற்காது. அதைத்தான் காற்றின் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கையைத் தரைக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் தூக்காதீர்கள். மாவு உள்ளங்கையில், நடுவிரல் தள்ள, கட்டைவிரலும் சுட்டுவிரலும் விட வேண்டும். தொட்டுத் தொட்டு வைத்தால் இழை மணிமணியாக நிற்கும், அது சீக்கிரம் கலையும்.

தென்கரை மருமகள்

அக்கா, இப்படி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. கால் மணி நேரத்துக்குள் முடிகிற சிக்குக் கோலம் எதைப் போடலாம்? ஒரே இழையில் முடிய வேண்டும், நடுவில் எங்கே விட்டேன் என்று தேடுவதற்குள் காய்ந்துவிடுகிறது.

தொண்டிக்காரன்

ஒற்றைப்படையில் புள்ளி வைத்தால் ஒரே இழையில் முடியும். 3க்கு 3, 5க்கு 5.

கணக்கு வாத்தியார் மகள்

இல்லை அண்ணா, போட்டுப் பாருங்கள், 3க்கு 3 நேர்ப்புள்ளியில் மூன்று தனி இழை வரும், 5க்கு 5 வைத்தால் ஐந்து. சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி எல்லாப் புள்ளியையும் சுற்றி, புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் குறுக்கே கடக்கிற சாதாரணச் சிக்கில், நீளம், அகலம் இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப்பெரிய எண் எதுவோ அத்தனை இழை. 3க்கு 4 என்றால் ஒன்று. 3க்கு 5ம் ஒன்று, அதனால் உங்களுக்கு ஒற்றைப்படை என்று தோன்றியிருக்கலாம். 4க்கு 6 என்றால் ரெண்டு.

அக்கா, உங்களுக்கு 3க்கு 4. பன்னிரண்டு புள்ளி, எங்கே தொடங்கினாலும் தொடங்கிய இடத்துக்கே வந்து முடியும். தப்பினால் கண்டுபிடிப்பதும் சுலபம். தொடங்கின இடத்துக்கு வந்த பிறகும் ஏதாவது ஒரு புள்ளியைச் சுற்றி நாலு பக்கமும் இழை இல்லை என்றால், வழியில் எங்கோ நேராகக் கடக்க வேண்டிய இடத்தில் வளைத்துத் திருப்பியிருக்கிறீர்கள். அப்படி விட்டுப்போன புள்ளிகளில் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

நடுத்தெரு நாயகி

தப்பினால் அழிக்கலாமா? எங்கள் அம்மா அழிக்க விடமாட்டார்.

கண்மாய்க்கரை

காலால் அழிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் எங்கள் வீட்டில். ஈரத்தரையில் கையால் அழித்தாலும் கறை நிற்கும், அதனால் நான் அழிப்பதில்லை, அந்த வளைவை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் கவனிப்பேன். தினமும் ஒரே கோலத்தைப் போட்டு வந்தால் இது தானாகத் தெரியும், கை எந்த வளைவில் தடுமாறுகிறது என்று. தினம் ஒரு புதுக் கோலம் தேடுகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. கோலக்கிளி கோபிக்க வேண்டாம்.

கோலக்கிளி

கோபம் இல்லை, ஆனால் ஒரே கோலம் என்றால் எனக்கு நாலாம் நாளே அலுத்துவிடும்.

தென்கரை மருமகள்

இன்னொரு சந்தேகம். இங்கே அமாவாசை அன்று போடாதே என்கிறார் மாமியார். எங்கள் அம்மா வீட்டில் போடுவோம். எது சரி?

சேதுக்கரை சீனு

உங்கள் வீட்டில் தர்ப்பணம் உண்டா என்பதைப் பொறுத்தது. கோலம் மங்கலத்துக்கு அடையாளம், பித்ரு காரியம் முடிகிற வரை அதை வாசலில் வைப்பதில்லை. எங்கள் வீட்டில் சேதுக்கரையில் முழுகித் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்த பிறகு, பகலானாலும் சின்னதாக ஒன்று போட்டுவிடுவார்கள். திதி அன்றைக்கும் அப்படித்தான்.

நடுத்தெரு நாயகி

எங்கள் தெருவில் அமாவாசைக்கு அன்று முழுவதும் போடமாட்டார்கள், தர்ப்பணம் கொடுக்காத வீட்டிலும்.

பாம்பன் ஓட்டி

எங்கள் வீட்டில் போடுவார்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் முழுகப் போகிற வெளியூர்க் கூட்டம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும், அன்றைக்குப் போய் வாசலை வெறுமனே விடுவதா என்பாள் ஆத்தா.

சேதுக்கரை சீனு

அது அவரவர் வழக்கம் அண்ணே. ஆனால் தர்ப்பணம் கொடுக்கிற வீட்டில் முடிவதற்கு முன்னால் போடுவது கிடையாது, இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

தென்கரை மருமகள்

கரம்பை கிடைத்துவிட்டது. வடை தட்டிப் பார்த்ததில் முதல் வடை வெடித்தது, ஒரு சட்டி மணல் சேர்த்தேன், ரெண்டாவது சரியாக வந்தது. தரை போட்டு மெழுகி, ரவை மாவில் 3க்கு 4 போடுகிறேன், ஏழரை எட்டு வரை நிற்கிறது. எறும்பும் வருகிறது. இப்போது பிரச்சினை பக்கத்து வீட்டுக் கோழி. ரவை பெரிதாக இருப்பதால் அதற்குக் கண் தெரிகிறது போல, வெளிச்சம் வந்ததும் கொத்திக் கிளறி, தரையையும் சேர்த்துப் பறிக்கிறது.

கண்மாய்க்கரை

கொத்துவதைத் தடுக்க முடியாது, அதற்கும் பங்கு உண்டு. கிளறுவதைத் தடுக்கலாம். மெழுகலில் சாணியோடு கொஞ்சம் பொடியாக நறுக்கிய வைக்கோல் சேர்த்துப் பாருங்கள், நகத்துக்குப் பெயராது. அப்படியும் கேட்கவில்லை என்றால் கோழிக்காரரிடம் எட்டு மணிக்கு மேல் திறந்துவிடச் சொல்லிப் பாருங்கள்.

தென்கரை மருமகள்

கோழிக்காரர் என் நாத்தனார்தான். கேட்டுப் பார்க்கிறேன்.